பத்திரமான டெப்ட் ஃபண்டிலும் நஷ்டம் வருவது ஏன்? டியூரேஷனையும் கிரெடிட் ரிஸ்க்கையும் நீங்களே பார்த்துக்கொள்ளும் வழி

2017 பிப்ரவரியில் டாரஸ் லிக்விட் ஃபண்டின் என்.ஏ.வி., அதாவது ஒரு யூனிட்டின் மதிப்பு, ஒரே நாளில் சுமார் 7% இறங்கியது. லிக்விட் ஃபண்ட் என்றால் 91 நாளுக்குள் முதிரும் பத்திரங்களை மட்டும் வைத்திருப்பது. ஒரு வருடம் முழுக்க அது சம்பாதிப்பதே ஏறக்குறைய அவ்வளவுதான். பல்லார்பூர் இண்டஸ்ட்ரீஸ் என்ற காகித நிறுவனத்தின் குறுகிய காலக் கடன் பத்திரம் ஒன்று அதில் இருந்தது. அந்த நிறுவனத்தின் ரேட்டிங், கடனைக் கட்டத் தவறியதைக் குறிக்கும் D-க்கு இறங்கியதும், ஒரு வருட வருமானம் ஒரு நாளில் போயிற்று.

2022 மே 4 அன்று ரிசர்வ் வங்கி, வழக்கமான கூட்டத் தேதி இல்லாத ஒரு நாளில், ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 4.40 சதவீதமாக உயர்த்தியது. அன்று இறங்கியவை கில்ட் ஃபண்டுகள். அவற்றில் இருப்பது மத்திய, மாநில அரசுகளின் பத்திரங்கள். திரும்பி வராமல் போகும் கடன் அதில் ஒன்றுகூட இல்லை.

இரண்டும் டெப்ட் ஃபண்ட், இரண்டும் நஷ்டம். ஆனால் காரணம் வேறு: முதலாவது கடன் திரும்பாததால் வந்தது, அதுதான் கிரெடிட் ரிஸ்க்; இரண்டாவது வட்டி ஏறியதால் வந்தது, அதை அளப்பது டியூரேஷன். அந்தப் பணம் திரும்பி வருமா, அதற்குள் நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதும் வேறு. எஃப்.டி.யிலிருந்து மாறி முதல்முறையாக டெப்ட் ஃபண்டில் பணம் போடுகிறவர்கள் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால் போதும், பெரும்பாலான தவறுகளைத் தவிர்க்கலாம். விண்ணப்பம் போடுவதற்கு முன்பே, ஒரு மணி நேரத்தில் முடியும் வேலை இது.

1. முதலில் மூன்று காகிதங்களை எடுத்து வையுங்கள்

பணம் போட உங்களுக்குத் தேவையானவை பான், கே.ஒய்.சி., உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு, நாமினி விவரம். அதில் சிக்கல் எதுவும் வராது. வேலை இருப்பது ஃபண்டின் காகிதங்களில்.

ஒன்று, ஃபண்ட் நிறுவனத்தின் இணையதளத்தில் மாதாமாதம் வரும் ஃபேக்ட்ஷீட். இரண்டு, போர்ட்ஃபோலியோ எக்செல் கோப்பு. டெப்ட் திட்டங்களுக்கு இதை 15 நாளுக்கு ஒருமுறை வெளியிட வேண்டும் என்று செபி 2020-ல் விதி கொண்டுவந்தது. அதனால் மாத நடுவிலும் புதிய கோப்பு கிடைக்கும். மூன்று, திட்டத்தின் தகவல் ஆவணம். அதை முழுக்கப் படிக்க வேண்டாம். முதலீட்டு வரம்புகள், சீக்கிரம் வெளியேறினால் பிடிக்கும் எக்ஸிட் லோடு, கெட்டுப்போன பத்திரத்தைத் தனியே பிரிக்கும் 'செக்ரிகேட்டட் போர்ட்ஃபோலியோ' அனுமதி ஆகிய மூன்று பகுதிகள் போதும்.

ஃபேக்ட்ஷீட் ஒன்றோடு நிறுத்திவிடாதீர்கள். அங்கே இருப்பது சராசரி. டெப்ட் ஃபண்டில் பணத்தைத் தின்பது சராசரி அல்ல, பட்டியலின் நடுவில் எங்கேயோ இருக்கும் ஒரே ஒரு வரி. அந்த வரி எக்செல் கோப்பில்தான் கிடைக்கும். கடந்த 12 மாதங்களின் கோப்புகளில் மூன்றையாவது, அதாவது ஒரு வருடம் முந்தையது, ஆறு மாதம் முந்தையது, இப்போதையது என இறக்கி வையுங்கள்.

2. டியூரேஷனைப் பாருங்கள், உங்கள் காலக்கெடுவோடு ஒப்பிடுங்கள்

சந்தையில் வட்டி ஏறினால் பழைய பத்திரத்தின் விலை இறங்கும். 7% தரும் பத்திரம் உங்களிடம் இருக்கிறது, புதிதாக வருவது 8% தருகிறது என்றால், உங்களுடையதை முழு விலைக்கு யாரும் வாங்க மாட்டார்கள். ஃபண்ட் தன் பத்திரங்களை ஒவ்வொரு நாளும் அன்றைய சந்தை விலைக்கு மதிப்பிடுகிறது. அதனால் விற்கவே இல்லை என்றாலும் என்.ஏ.வி. இறங்கும்.

எவ்வளவு இறங்கும் என்பதைச் சொல்வது 'மாடிஃபைட் டியூரேஷன்'. ஃபேக்ட்ஷீட்டில் இதற்குப் பக்கத்திலேயே 'மெக்காலே டியூரேஷன்', 'ஆவரேஜ் மெச்சூரிட்டி' என்று வேறு இரண்டு எண்களும் இருக்கும். குழம்ப வேண்டாம். ஃபண்ட் எந்த வகையில் சேரும் என்று செபி பார்ப்பது மெக்காலே. நஷ்டக் கணக்குக்கு உங்களுக்கு வேண்டியது மாடிஃபைட்.

```
விலை மாற்றம் (%) ≈ − மாடிஃபைட் டியூரேஷன் × வட்டி மாற்றம் (சதவீதப் புள்ளி)
```

10 ஆண்டு கில்ட் ஃபண்ட் ஒன்றின் மாடிஃபைட் டியூரேஷன் 6.8 என்று வைத்துக்கொள்வோம். 10 ஆண்டுப் பத்திரமென்றாலும் இடையிடையே வட்டி வந்துகொண்டே இருப்பதால் டியூரேஷன் 10 ஆக இருக்காது. வட்டி 1 சதவீதப் புள்ளி ஏறினால் 6.8% இறக்கம், நீங்கள் போட்ட 10 லட்சம் ரூபாய் 9.32 லட்சமாகத் தெரியும். லோ டியூரேஷன் ஃபண்டில் அந்த எண் 0.8 என்றால் இதே வட்டி ஏற்றத்துக்கு இறக்கம் 0.8%, சுமார் 8,000 ரூபாய்.

இனி இதன் மறுபக்கம். வட்டி ஏறியதால் விலை இறங்கிய அதே ஃபண்ட், அந்த நாள் முதல் கூடுதல் வட்டியில் சம்பாதிக்கத் தொடங்குகிறது. முன்பு 6.6% கொடுத்த பத்திரங்கள் இன்றைய விலையில் 7.6% தருகின்றன. செலவை ஒதுக்கிவிட்டு, வட்டி மேலும் மாறவில்லை என்று வைத்துக் கணக்குப் போட்டால், 9.32 லட்சம் ஒரே ஆண்டில் 10 லட்சத்தைத் தாண்டிவிடும். அதாவது போட்ட முதல் கைக்கு வந்துவிடும். ஆனால் வட்டியே ஏறாமல் இருந்திருந்தால் எவ்வளவு கிடைத்திருக்குமோ, அந்த இடத்தை எட்ட ஏறக்குறைய ஏழரை ஆண்டு பிடிக்கும். இந்த ஏழரை, அந்த 6.8-க்கு அருகில் இருப்பது தற்செயல் அல்ல. டியூரேஷன் என்பது எவ்வளவு அடி விழும் என்பதற்கும் அளவு, அது ஆறுவதற்கு எவ்வளவு காலம் வேண்டும் என்பதற்கும் அளவு.

இதிலிருந்து வரும் விதி எளிது: ஃபண்டின் டியூரேஷன் நீங்கள் பணத்தை விட்டுவைக்கப்போகும் காலத்தைவிடக் கூடுதலாக இருக்கக் கூடாது. எட்டு மாதத்தில் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும் என்றால் லிக்விட், அல்ட்ரா ஷார்ட் போன்றவை. மூன்று ஆண்டு இருக்கிறது என்றால் ஷார்ட் டியூரேஷன். அதற்கு மெக்காலே 1 முதல் 3 ஆண்டு என்று செபி வரையறுத்திருக்கிறது. வட்டி இறங்கப்போகிறது, கில்ட் ஃபண்ட் நல்ல லாபம் தரும் என்று யாராவது சொன்னால், அது சூதாட்டம் இல்லை என்றாலும் சேமிப்பும் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். 2020-21-ல் கில்ட் ஃபண்டுகளின் முந்தைய ஆண்டு வருமானத்தைப் பார்த்து உள்ளே போனவர்கள் பலர், 2022-ல் ஒரு முழு வருடம் பெரிதாக ஒன்றும் கிடைக்காமல் காத்திருந்தார்கள்.

இங்கே இரண்டு பொறிகள். 'டைனமிக் பாண்ட்' வகைக்கு டியூரேஷன் வரம்பே கிடையாது; இன்று 3 இருப்பது அடுத்த காலாண்டில் 8 ஆகலாம். பழைய மாதங்களின் ஃபேக்ட்ஷீட்டுகளைப் பார்த்தால் மேலாளர் எவ்வளவு ஆட்டுகிறார் என்று தெரியும். இரண்டாவது பொறி கொஞ்சம் நுட்பமானது. பத்திரம் முதிர்வது 2031-ல், ஆனால் அதன் வட்டி ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றி அமைக்கப்படும் என்றால், டியூரேஷனை அந்த ஆறு மாதத்துக்கு மட்டும் கணக்கிட்டுக் காட்ட முடியும். வட்டி ஆபத்தைப் பொறுத்தவரை இது சரிதான். ஆனால் கடன் வாங்கிய நிறுவனம் 2031 வரை பிழைத்திருக்க வேண்டுமே! குறுகிய கால ஃபண்டின் எக்செல் பட்டியலில், தனியார் நிறுவனப் பத்திரத்தின் பெயருக்குப் பக்கத்தில் நீண்ட முதிர்வுத் தேதி தெரிந்தால் அந்த வரியைக் குறித்து வையுங்கள். 2020-ல் ஆறு டெப்ட் திட்டங்களை மூடிய ஃப்ராங்க்ளின் டெம்பிள்டன் விவகாரத்தில் செபி கண்ட குறைகளில் இதுவும் ஒன்று.

3. கிரெடிட் ரிஸ்க்: பட்டியலை வரி வரியாகப் பாருங்கள்

வட்டியால் வந்த நஷ்டம் காலத்தில் ஆறும். கடன் திரும்பாததால் வரும் நஷ்டம் ஆறாது. வசூல் நடந்தால்தான் உண்டு. அதனால் இந்தப் படிக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள்.

எக்செல் கோப்பைத் திறந்தால் பத்திரத்தின் பெயர், ஐ.எஸ்.ஐ.என். எண், ரேட்டிங், சந்தை மதிப்பு, மொத்தச் சொத்தில் சதவீதம், யீல்டு என்ற பத்திகள் இருக்கும். யீல்டு என்பது இன்றைய விலையில் அந்தப் பத்திரம் தரும் வருமானம். சந்தை மதிப்பு லட்சத்தில் போடப்பட்டிருக்கும். 5,000 என்றால் 50 கோடி ரூபாய். முதலில் யீல்டு பத்தியைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள். ரேட்டிங் பத்தியை அல்ல, யீல்டை.

ஏனென்றால் ரேட்டிங் தாமதமாகவே பேசும். ஐ.எல். அண்டு எஃப்.எஸ். என்ற உள்கட்டமைப்பு நிதி நிறுவனத்துக்கு 2018 ஆகஸ்ட் தொடக்கத்தில்கூட உச்ச ரேட்டிங்கான AAA. செப்டம்பர் நடுவில் D. வீட்டுக்கடன் நிறுவனமான டி.எச்.எஃப்.எல். 2019 தொடக்கம் வரை AAA வைத்திருந்தது. ஜூன் மாதம் வட்டி கட்டத் தவறியதும் D. நடுவில் இருக்கும் படிகளில் கால் வைக்கவே இல்லை என்று சொல்லுமளவு வேகம். ஆனால் டி.எச்.எஃப்.எல். பத்திரங்களைச் சந்தையில் விற்க நினைத்தவர்கள் 2018 செப்டம்பரிலிருந்தே கூடுதல் யீல்டு கொடுத்துத்தான் விற்க முடிந்தது. பட்டியலில் மற்ற பத்திரங்கள் எல்லாம் 7 முதல் 7.5% வரை இருக்கும்போது, ஒன்று மட்டும் 10.5% காட்டினால், ரேட்டிங் என்னவாக இருந்தாலும் சந்தை அந்த நிறுவனத்தைச் சந்தேகப்படுகிறது என்று அர்த்தம்.

அடுத்தது A1+ என்ற குறி. நிறுவனங்கள் வெளியிடும் மூன்று மாத, ஆறு மாதக் கடன் பத்திரங்களான கமர்ஷியல் பேப்பர்களுக்குக் குறுகிய கால அளவுகோலில் தரப்படும் உச்ச ரேட்டிங் இது. புதிதாக வருகிறவர்கள் இதை AAA-க்குச் சமம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. நீண்ட கால ரேட்டிங் AA- மட்டுமே உள்ள நிறுவனத்தின் பேப்பரும் A1+ பெறலாம். எனவே A1+ என்று பார்த்ததும் அந்த நிறுவனத்தின் நீண்ட கால ரேட்டிங் என்ன என்று ரேட்டிங் நிறுவனத்தின் தளத்தில் தேடுங்கள். கட்டணம் இல்லாமல் கிடைக்கும். ரேட்டிங்குக்குப் பின்னால் CE என்று ஒட்டியிருந்தால், அந்த மதிப்பெண் கடன் வாங்கியவருடையது அல்ல, உத்தரவாதம் கொடுத்தவருடைய பலத்தில் வந்தது. அந்த உத்தரவாதம் யாருடையது என்று பார்க்காமல் நகராதீர்கள்.

ஃபண்டின் பெயரும் ஏமாற்றும். 'கார்ப்பரேட் பாண்ட்' ஃபண்டில் 80% மட்டும் AA+ அல்லது அதற்கு மேல் இருந்தால் போதும். 'பேங்கிங் அண்டு பி.எஸ்.யு.' ஃபண்டிலும் 80% தான் கட்டாயம். மீதி 20% எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. வங்கிப் பத்திரம் என்றாலே பாதுகாப்பானது என்றும் எண்ண வேண்டாம். 2020 மார்ச்சில் யெஸ் பேங்கை மீட்டபோது, அதன் 'ஏ.டி.1' எனப்படும் நிரந்தரப் பத்திரங்கள் சுமார் 8,415 கோடி ரூபாய் முழுவதும் பூஜ்யமாக்கப்பட்டன. வங்கி பிழைத்தது, டெபாசிட் வைத்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, இந்தப் பத்திரம் வைத்திருந்த ஃபண்டுகளுக்கு எதுவும் மிஞ்சவில்லை. பட்டியலில் 'பெர்ப்பெச்சுவல்' அல்லது 'ஏ.டி.1' என்ற சொல் இருக்கிறதா என்று தேடிவிடுங்கள்.

பட்டியல் பார்க்கப் பொறுமை இல்லையென்றால் ஃபேக்ட்ஷீட்டில் ஒரு கட்டம் இருக்கும். 2021 டிசம்பர் முதல் எல்லா டெப்ட் திட்டங்களுக்கும் கட்டாயமான 'பொட்டென்ஷியல் ரிஸ்க் கிளாஸ்' அட்டவணை அது. அதில் ஒன்பது அறைகள், A-I முதல் C-III வரை. எழுத்து கிரெடிட்டைக் குறிக்கும்: A குறைந்த ஆபத்து, C அதிக ஆபத்து. ரோமன் எண் வட்டி ஆபத்து: I என்றால் மெக்காலே டியூரேஷன் ஓராண்டைத் தாண்டாது, II என்றால் மூன்றாண்டு, III-க்கு வரம்பு இல்லை. கில்ட் ஃபண்டுகளை A-III-ல் காண்பீர்கள். கடன் திரும்பும், விலை ஆடும். லோ டியூரேஷன் ஃபண்ட் ஒன்று C-I-ல் இருந்தால், விலை அதிகம் ஆடாது, ஆனால் கடன் திரும்பாமல் போகலாம்.

இந்த அட்டவணை சொல்வது அந்தத் திட்டம் எவ்வளவு தூரம் போக அனுமதி உண்டு என்பதை. இன்று எங்கே நிற்கிறது என்பதை அல்ல. A எழுத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது. அரசுப் பத்திரத்துக்கு 13, AAA-க்கு 12, AA+-க்கு 11, AA-க்கு 10 என்று மதிப்பெண் கொடுத்து, எடையிட்ட சராசரி 12-க்குக் குறையாமல் இருந்தால் A. ஒரு ஃபண்ட் 40% அரசுப் பத்திரம், 40% AAA, 20% AA என்று வைத்திருந்தால்:

```
0.40 × 13 + 0.40 × 12 + 0.20 × 10 = 12.0
```

ஐந்தில் ஒரு பங்கு AA இருந்தும் அது A வகுப்பிலேயே நிற்கிறது. ஆகவே அட்டவணையை வடிகட்டப் பயன்படுத்துங்கள், முடிவெடுக்க அல்ல.

4. கூடுதல் வருமானத்துக்கு என்ன விலை என்று கணக்குப் போடுங்கள்

ஒரே மாதிரி டியூரேஷன் உள்ள இரண்டு ஃபண்டுகளை எடுத்துக்கொள்வோம். முதல் ஃபண்டில் அரசுப் பத்திரமும் AAA-வும் மட்டும், ஒய்.டி.எம்., அதாவது முதிர்வு வரை வைத்திருந்தால் கிடைக்கும் சராசரி யீல்டு, 7%, செலவு விகிதம் 0.3%. கைக்கு வருவது 6.7%. இரண்டாவதில் AA, A பத்திரங்களும் கலந்திருக்கின்றன; ஒய்.டி.எம். 8.3%, செலவு 0.9%. கைக்கு 7.4%. வித்தியாசம் 0.7%. பத்து லட்சத்துக்கு வருடம் 7,000 ரூபாய், அதுவும் வரிக்கு முன். முதலில் தெரிந்த 1.3% வித்தியாசத்தில் ஏறக்குறைய பாதியை ஃபண்ட் நிறுவனம் எடுத்துக்கொண்டது, ஆபத்து முழுவதும் உங்களிடம் வந்தது.

இரண்டாவது ஃபண்டின் அளவு 1,000 கோடி என்போம். அதில் ஒரு நிறுவனத்தின் பத்திரம் 50 கோடி, அதாவது 5%. அந்த நிறுவனம் கட்டத் தவறுகிறது, பத்திரத்தின் மதிப்பை 75% குறைக்கிறார்கள், 2019-ல் டி.எச்.எஃப்.எல். பத்திரங்களுக்கு அப்படித்தான் குறைத்தார்கள். ஃபண்டுக்கு நஷ்டம் 3.75%. வருடம் 0.7% என்று கூடுதலாகச் சேர்த்தது இதை ஈடுகட்ட ஐந்து வருடத்துக்கு மேல் வேண்டும்.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. இதற்கு மேல் நடப்பதைப் பற்றித்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அந்த நிறுவனம் தடுமாறுகிறது என்ற செய்தி தவறுவதற்கு முன்பே பரவும். விவரம் தெரிந்த பெரிய முதலீட்டாளர்கள், அதாவது கம்பெனிகளும் நிறுவனக் கருவூலங்களும், 600 கோடியை எடுத்துவிடுகிறார்கள். மேலாளர் எதை விற்று அந்தப் பணத்தைக் கொடுப்பார்? வாங்க ஆள் இருப்பதைத்தான், அதாவது நல்ல பத்திரங்களை. யாரும் வாங்காத அந்த 50 கோடி அப்படியே கிடக்கும். இப்போது ஃபண்ட் 400 கோடி. அந்த 50 கோடி 5% அல்ல, 12.5%. அதே 75% குறைப்புக்கு நஷ்டம் 9.4 சதவீதத்தைத் தொடும். நிறுவனத்தைப் பற்றிய உங்கள் கணிப்பு மாறவில்லை, ஃபண்டும் புதிதாக எதையும் வாங்கவில்லை. மற்றவர்கள் போனதே உங்கள் பங்கைப் பெருக்கிவிட்டது.

2019 ஜூன் 4 அன்று டி.எச்.எஃப்.எல். ப்ரமெரிகா நிறுவனத்தின் இரண்டு ஃபண்டுகள் ஒரே நாளில் ஏறக்குறைய பாதி மதிப்பை இழந்ததற்கு, சிறிய ஃபண்டில் ஒரே நிறுவனத்தின் பத்திரம் பெரும் பங்காக இருந்ததே காரணம். 2020 ஏப்ரல் 23-ல் ஃப்ராங்க்ளின் டெம்பிள்டன் சுமார் 25,000 கோடி ரூபாய் இருந்த ஆறு டெப்ட் திட்டங்களை மூடியது. கோவிட் ஊரடங்கில் எல்லோரும் பணத்தைக் கேட்டார்கள், AA, A பத்திரங்களை வாங்க ஆளில்லை. அந்த ஆறில் 'அல்ட்ரா ஷார்ட் பாண்ட்' என்ற பெயரும், 'லோ டியூரேஷன்' என்ற பெயரும் இருந்தன. இறுதியில் அந்த நாள் மதிப்புக்கு மேலேயே முதலீட்டாளர்களுக்குத் திரும்பி வந்தது. ஆனால் தவணை தவணையாக, ஆண்டுக்கணக்கில். அடுத்த மாதம் கட்டணம் கட்ட வைத்திருந்தவருக்கு அது ஆறுதல் அல்ல.

ஆகவே உங்கள் மூன்று எக்செல் கோப்புகளிலும் இரண்டை எழுதுங்கள்: ஃபண்டின் மொத்த அளவு, அரசுப் பத்திரமும் AAA-வும் அல்லாத முதல் பத்து வரிகளின் சதவீதம். அளவு சுருங்கிக்கொண்டே போய், அந்தப் பத்து வரிகளின் சதவீதம் ஏறிக்கொண்டே வந்தால், காரணம் கேட்டுக்கொண்டிருக்காமல் விலகுங்கள். AAA-க்குக் கீழே உள்ள எந்த ஒரு தனியார் குழுமத்திலும் 3 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அது எங்களுக்கு உறுத்தும். நீங்கள் உங்களுக்கென ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். 'குழுமம்' என்று சேர்த்துப் பார்ப்பது முக்கியம். ஒரே உரிமையாளரின் நான்கு நிறுவனங்கள் நான்கு வரிகளில் தனித்தனியாக நிற்கும்.

5. என்.ஏ.வி. இறங்கினால்: முதலில் காரணம், பிறகு முடிவு

அன்றைக்கு அதே வகையைச் சேர்ந்த வேறு மூன்று ஃபண்டுகளின் என்.ஏ.வி.யைப் பாருங்கள். எல்லாமே இறங்கியிருந்து, 10 ஆண்டு அரசுப் பத்திர யீல்டும் ஏறியிருந்தால் அது டியூரேஷன் நஷ்டம். உங்கள் கெடு ஃபண்டின் டியூரேஷனைவிட நீளம் என்றால் எதுவும் செய்ய வேண்டியதில்லை. இங்கே பயந்து விற்பதுதான் காகித நஷ்டத்தை நிஜ நஷ்டமாக்கும்.

உங்கள் ஃபண்ட் மட்டும் ஒரே நாளில் படிக்கட்டு போல இறங்கியிருந்தால் அது கிரெடிட். மதிப்புக் குறைப்பு ஏற்கெனவே என்.ஏ.வி.யில் ஏறிவிட்டது, இப்போது விற்பதால் அந்த நஷ்டம் குறையாது, பின்னால் வசூல் வந்தால் உங்களுக்குப் பங்கும் இருக்காது. நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: மீதமுள்ள பட்டியலில் இதே போன்ற வரிகள் எத்தனை? பல இருந்தால் வெளியேறுங்கள், ஏனெனில் நான்காவது படியில் சொன்ன கூட்ட வெளியேற்றம் இனிமேல்தான் வரும். ஒன்றே ஒன்றுதான், மற்றவை சுத்தம் என்றால் இருப்பதில் தவறில்லை.

ஃபண்ட் 'செக்ரிகேட்டட் போர்ட்ஃபோலியோ' அறிவித்தால் இந்தக் குழப்பம் பாதி தீரும். கெட்டுப்போன பத்திரத்தைத் தனியே பிரித்து, உங்களிடம் எத்தனை யூனிட் உண்டோ அத்தனை யூனிட்டுகளை அதிலும் கொடுப்பார்கள். முக்கியத் திட்டத்திலிருந்து நீங்கள் வழக்கம்போலப் பணம் எடுக்கலாம். பிரித்த யூனிட்டுகளை ஃபண்டிடம் திருப்பித் தர முடியாது. அவை பங்குச் சந்தையில் பட்டியலிடப்படும், ஆனால் வாங்குவார் அரிது. அதற்கு மேலாண்மைக் கட்டணம் கிடையாது, வசூல் வரும்போது பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். எனவே முக்கியத் திட்டத்தைக் காலி செய்தாலும், வங்கிக் கணக்கை மாற்றினால் ஃபோலியோவிலும் மாற்றிவிடுங்கள். இந்த வசதி எல்லாத் திட்டங்களிலும் தானாக வருவதில்லை. திட்ட ஆவணத்தில் அனுமதி இருக்க வேண்டும். முதல் படியில் அந்தப் பகுதியைப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

6. செலவு, வரி, நேரம்

வாங்கும்போது முத்திரைத் தீர்வை 0.005%, பத்து லட்சத்துக்கு 50 ரூபாய். விநியோகஸ்தர் வழியாக வரும் ரெகுலர் திட்டத்துக்கும் நேரடித் திட்டத்துக்கும் உள்ள செலவு வித்தியாசம், டெப்ட் ஃபண்டில் நேராக உங்கள் வருமானத்திலிருந்து போவது. செலவு அதிகமுள்ள ஃபண்ட் செலவு குறைந்த ஃபண்டுக்குச் சமமான வருமானத்தைக் காட்டினால், அது கூடுதல் ஆபத்து எடுத்துத்தான் அந்த இடைவெளியை நிரப்புகிறது. வேறு வழி கிடையாது.

எக்ஸிட் லோடு லிக்விட் ஃபண்டில் முதல் ஆறு நாளுக்கு மட்டும், அதுவும் மிகச் சிறியது. கிரெடிட் ரிஸ்க் ஃபண்டுகள் பலவற்றில் ஒரு வருடத்துக்குள் எடுத்தால் 1% வரை பிடிப்பார்கள். பிரச்சினை தெரிந்து அவசரமாக வெளியேறும்போதும் இது பிடிக்கப்படும், மறக்க வேண்டாம். பணம் கைக்கு வரப் பொதுவாக ஓரிரு வேலை நாள் ஆகும்; வெள்ளி மாலை கோரிக்கை வைத்துவிட்டுத் திங்கள் காலை காசோலை கொடுக்காதீர்கள்.

2023 ஏப்ரல் 1 முதல் வாங்கிய டெப்ட் ஃபண்ட் யூனிட்டுகளில் கிடைக்கும் லாபம், எத்தனை ஆண்டு வைத்திருந்தாலும், உங்கள் வருமான வரி அடுக்கின்படியே வரிக்கு உட்படும். 30% அடுக்கில் இருப்பவருக்கு நான்காவது படியில் பார்த்த 0.7% கூடுதல் வருமானம், வரிக்குப் பின் அரை சதவீதத்துக்கும் கீழே. நஷ்டத்தில் விற்றால் அது குறுகிய கால மூலதன நஷ்டம். வேறு மூலதன லாபத்தோடு கழிக்கலாம், மீதியை எட்டு ஆண்டு வரை முன்னெடுக்கலாம். அதற்கு அந்த ஆண்டின் வருமான வரிக் கணக்கைக் கெடுத் தேதிக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும்.

வங்கி டெபாசிட்டுக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. டெப்ட் ஃபண்டுக்கு அப்படி எதுவும் இல்லை. ஆறு மாதத்துக்குள் கட்டாயம் தேவைப்படும் பணத்துக்கு ஓவர்நைட் ஃபண்ட், அரசுப் பத்திரமும் கருவூல உண்டியலும் அதிகமாக உள்ள லிக்விட் ஃபண்ட், அல்லது எஃப்.டி. என்ற மூன்றைத் தாண்டிப் போக வேண்டாம். வாங்கிய பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்செல் கோப்பை இறக்கி, யீல்டு பத்தியை மறுபடி அடுக்கிப் பாருங்கள். பத்து நிமிட வேலை.